பெண்டிங், ஃபெயில்டு, ரிவர்ஸ்டு: வங்கிச் செயலி சொல்வதும் சொல்லாததும்

பணம் அனுப்பிய பிறகு வங்கிச் செயலி காட்டும் சொற்களில் அதிகம் படுத்துவது ‘பெண்டிங்’தான். ஃபெயில்டு என்றால் எரிச்சல்படலாம். ரிவர்ஸ்டு என்றால் மூச்சு விடலாம். பெண்டிங் வந்தால் என்ன செய்வதென்றே புரிவதில்லை. நம் கணக்கில் பணம் குறைந்திருக்கிறது, வாங்க வேண்டியவர் “இன்னும் வரலையே” என்கிறார், திரையில் ஒரு மஞ்சள் கடிகாரம் மட்டும் நிற்கிறது. மறுபடி அனுப்புவதா, காத்திருப்பதா?

அதற்குப் பதில் சொல்ல, அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் நிலை என்பது நம் வங்கிக்கு அந்த நொடி வரை வந்து சேர்ந்த தகவல். பணம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம். பெரும்பாலான நேரம் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நேரத்தில்தான் ஒரே தொகை இரண்டு முறை போய்ச் சேருவதும், ‘தோல்வி’ என்று காட்டிய பணம் மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தெரிவதும் நடக்கிறது.

பணமாற்றத்தின் இரண்டு பாதிகள்

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் போகும்போது நடப்பது ஒரு செயல் என்று நமக்குத் தோன்றும். உள்ளே அது இரண்டு பாதி. முதல் பாதியில் நம் வங்கி நம் கணக்கில் பற்று எழுதுகிறது. இரண்டாம் பாதியில் எதிர் வங்கி வாங்குபவர் கணக்கில் வரவு வைக்கிறது. வங்கிக்காரர்கள் இவற்றை டெபிட் லெக், கிரெடிட் லெக் என்பார்கள். இரண்டு வங்கிகளுக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். அது இந்தப் பக்கத்துச் செய்தியை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்து, அங்கிருந்து வரும் பதிலைத் திருப்பிக் கொண்டுவரும்.

நம் போனிலிருந்து கட்டளை நம் வங்கிக்குப் போகிறது. வங்கி ரகசிய எண்ணையும் இருப்பையும் வரம்பையும் சரிபார்த்துப் பற்று எழுதுகிறது. செய்தி ஸ்விட்ச் வழியாக எதிர் வங்கிக்குப் போகிறது. அங்கே கணக்கு எண் சரியா, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வரவு வைக்கிறார்கள். ‘வைத்தாயிற்று’ என்ற பதில் வந்த வழியே திரும்பி நம் போனுக்கு வருகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில விநாடி வேலை.

கவனிக்க வேண்டியது, பணம் சேர்வதும் பதில் திரும்புவதும் தனித்தனி நிகழ்வுகள் என்பதை. வரவு வைத்தபின் பதில் வழியில் தொலைந்தால், வாங்குபவரிடம் பணம் இருக்கும், நம் வங்கிக்கு அது தெரியாது. வரவு வைக்கும் முன்பே எதிர் வங்கியின் சர்வர் படுத்துவிட்டாலும் நம் வங்கிக்குக் கிடைப்பது அதே மௌனம்தான். இரண்டு நிலைமையும் இங்கிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கிணற்றில் கல் போட்டது போல, பதில் இல்லை. இந்த மௌனத்துக்கு நம் செயலி வைக்கும் பெயர்தான் பெண்டிங்.

மௌனம் எந்தப் பாதியில்?

மௌனம் வந்தால் அமைப்பு என்ன செய்யும்? இது மௌனம் எந்தப் பாதியில் வந்தது என்பதைப் பொறுத்து அடியோடு மாறுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதியெல்லாம் தானே விளங்கிவிடும்.

பற்றுப் பாதியில் பதில் வராமல் போனால் நிலைமை சுலபம். உதாரணமாக, கட்டளை ஸ்விட்ச் வழியாகவே நம் வங்கிக்கு வரும் அமைப்புகளில், ஸ்விட்ச் நம் வங்கியிடம் ‘இவர் கணக்கில் பற்று எழுது’ என்று கேட்டு, பதில் வராமல் நேரம் முடிகிறது. வங்கி பற்று எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் இன்னும் எதுவும் தொடங்கவில்லை. அதனால் ஸ்விட்ச் பயமில்லாமல் ‘எழுதியிருந்தால் அழித்துவிடு’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடலாம். எழுதப்பட்டிருந்தால் பணம் திரும்பி வரும், எழுதப்படாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. எப்படிப் பார்த்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அந்த ‘அழித்துவிடு’ செய்திக்கு உலகம் முழுக்க ஒரு பழைய வடிவம் இருக்கிறது. ஏ.டி.எம்., கார்டு வலைகளும் சில உடனடிப் பணமாற்ற அமைப்புகளும் பயன்படுத்தும் ISO 8583 என்ற தரத்தில், பணத்தைக் கேட்கும் செய்தியின் எண் `0200`, அதற்கான பதில் `0210`. பதில் வராவிட்டால் `0420` என்ற ரிவர்சல் செய்தி கிளம்பும். அதன் குணம் வித்தியாசமானது. அது அனுமதி கேட்பதில்லை, அறிவிக்கிறது. `0430` என்ற ஒப்புகை வரும்வரை அனுப்பும் இயந்திரம் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். வங்கி சர்வர் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்து எழுந்ததும், வரிசையில் காத்திருந்த இந்தச் செய்திகள் மொத்தமாக உள்ளே நுழையும். பெண்டிங்கில் கிடந்த பணம் சில நேரம் நள்ளிரவில் குறுஞ்செய்தியோடு திரும்பி வருவது இதனால்தான். யாரும் உட்கார்ந்து கவனித்துச் சரிசெய்ததல்ல அது.

வரவுப் பாதியில் மௌனம் வந்தால் கதை வேறு. இங்கே ‘அழித்துவிடு’ என்று நினைத்தபடி சொல்ல முடியாது. வாங்குபவர் கணக்கில் பணம் விழுந்திருந்தால், அவர் அதை அடுத்த நிமிடமே எடுத்துச் செலவழித்திருக்கலாம். நம் கணக்குக்குப் பணத்தைத் திருப்பிவிட்டு அவர் கணக்கிலும் விட்டுவைத்தால் ஏதோ ஒரு வங்கியின் பணம் காணாமல் போகும். அதனால் பல அமைப்புகளில் வரவுப் பாதியின் மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘சேர்ந்திருக்கக்கூடும், உறுதி செய்யும்வரை தொடாதே’ என்று நிறுத்திவைப்பார்கள்.

இந்தியாவின் யு.பி.ஐ. இந்த வகை. எதிர் வங்கியிலிருந்து பதில் வராவிட்டால் அந்தப் பரிமாற்றம் ‘டீம்டு’ என்ற நிலைக்குப் போகும், அதாவது வெற்றியாகக் கருதப்பட்டது. பிறகு எதிர் வங்கி தன் கணக்குகளைச் சரிபார்த்து, ‘வரவு வைத்துவிட்டேன்’ அல்லது ‘முடியவில்லை, திருப்புகிறேன்’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் உடனடிப் பணமாற்றத் திட்டம் அந்தச் சந்தேகத்தை வேறு விதமாகக் குறைக்கிறது. எதிர் வங்கி முதலில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லி, அந்தப் பதில் நடுவிலுள்ள அமைப்பைச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் பணத்தை வாடிக்கையாளர் கையில் விடுகிறது. பதில் நேரத்துக்குள் போகாவிட்டால் பரிமாற்றமே நிராகரிக்கப்படும். அதனால் அங்கே பெண்டிங் சீக்கிரம் முடிந்துவிடும், பதிலுக்கு நிராகரிப்பு அதிகம் தெரியும். எது சிறந்தது என்று கேட்டால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ‘தெரியாது’ என்ற நிலையில் ஒரு நாள் முழுக்கத் தவிக்கவிடுவதைவிட ‘இல்லை’ என்று பத்து விநாடியில் சொல்வது மரியாதை.

பெண்டிங்கில் பணம் எங்கே கிடக்கிறது?

செயலியில் இரண்டு இருப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். எடுக்கக்கூடிய இருப்பு ஒன்று, கணக்கேட்டு இருப்பு மற்றொன்று. பல செயலிகள் முதல் பக்கத்தில் ஒன்றை மட்டும் காட்டும், கணக்கு விவரத்துக்குள் நுழைந்தால் இரண்டும் கிடைக்கும்.

எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் குறைந்து, கணக்கேட்டு இருப்பு அப்படியே இருந்தால், பணம் நம் கணக்கிலேயே பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் வெளியே போகவில்லை. சந்தேகப்பட்ட பரிமாற்றத்தை வங்கியே பரிசீலனைக்கு நிறுத்தினாலும், இரவில் கொடுத்த கட்டளை மறுநாள் காலைத் தொகுப்புக்குக் காத்திருந்தாலும் இப்படி இருக்கும். இது லேசான பெண்டிங். செயலியில் ரத்துப் பொத்தான் இருந்தால் இந்த நிலையில்தான் அது வேலை செய்யும்.

இரண்டு இருப்பும் குறைந்திருந்தால் பற்று எழுதப்பட்டுவிட்டது. ஸ்டேட்மெண்டில் ஒரு வரியும் இருக்கும். பணம் இப்போது நம் வங்கியின் இடைக்கணக்கு ஒன்றில் இருக்கலாம், அல்லது வங்கிகளுக்கிடையே நடக்கும் தீர்வுக் கணக்கில் எதிர் வங்கிக்குப் போயிருக்கலாம். இங்கே ரத்து என்பது நம் கையில் இல்லை. வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசுபவர் கையிலும் இல்லை. இரண்டு வங்கிகளும் ஸ்விட்சும் அந்தச் சுற்றின் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரு பட்டியலில் இருந்து மற்றொன்றில் இல்லாத வரிகளைப் பிரித்தெடுக்கும்போதுதான் விடை தெரியும். அந்த ஒப்பீடு பல இடங்களில் நாள் முடிவில் நடப்பது. ‘24 மணி நேரம் பொறுங்கள்’ என்று சேவை மையம் சொல்வதில் சோம்பேறித்தனமும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அந்த ஒப்பீட்டுக்காகத்தான் சொல்கிறார்கள்.

ஒரு பரிமாற்றத்தைப் பின்தொடர்வோம்

ஒரு கணக்கில் 12,400 இருக்கிறது. இரவு 9:14க்கு 5,000 அனுப்பப்படுகிறது. சக்கரம் அரை நிமிடம் சுற்றிவிட்டு ‘பெண்டிங்’ என்று நிற்கிறது. இருப்பு 7,400. ஸ்டேட்மெண்டில் 5,000 பற்று, பக்கத்தில் ஒரு குறிப்பு எண்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஸ்டேட்மெண்டில் வரி விழுந்ததால் பற்றுப் பாதி முடிந்தது. குறிப்பு எண் கொடுக்கப்பட்டிருப்பதால் கட்டளை போனோடு நிற்கவில்லை, வங்கியைத் தாண்டும் அளவுக்குப் பதிவாகியிருக்கிறது. ஆகவே மௌனம் வரவுப் பாதியில் என்று ஊகிக்கலாம். சிக்கலான வகை.

9:20க்கு வாங்குபவர் அழைக்கிறார். “வரல, திரும்ப அனுப்பிடுங்க, அவசரம்.” அவர் பொய் சொல்லவில்லை. அவர் வங்கியின் சர்வர் திணறும்போது அவருடைய செயலியும் பழைய இருப்பையே காட்டும், குறுஞ்செய்தியும் தாமதமாகும். அவருக்கு வரவில்லை என்பது அவர் திரையைப் பற்றிய உண்மை, அவர் கணக்கைப் பற்றிய உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

9:22க்கு இரண்டாவது 5,000 போகிறது. இந்த முறை வெற்றி. இருப்பு 2,400. எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் மதியம் முதல் பரிமாற்றத்தின் நிலை மாறுகிறது. இரண்டு வழி உண்டு. எதிர் வங்கி வரவு வைக்கவே இல்லை என்று ஒப்பீட்டில் தெரிந்தால், ‘ரிவர்ஸ்டு’ என்று மாறி 5,000 திரும்பும், இருப்பு 7,400 ஆகும். வரவு முந்தின இரவே விழுந்திருந்தது, பதில்தான் தொலைந்தது என்று தெரிந்தால், ‘சக்சஸ்’ என்று மாறும். இருப்பு 2,400 தான். வாங்குபவரிடம் 10,000 இருக்கும்.

இரண்டாவது வழியில் வங்கிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கட்டளை வந்தது, இரண்டையும் நிறைவேற்றியிருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே தொகை அடுத்தடுத்து போவது சட்டப்படி சரியான விஷயம் என்பதால், தொகையையும் பெயரையும் பார்த்து வங்கி அதை இரட்டிப்பு என்று முடிவு செய்யாது. இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை குறிப்பு எண்ணைத்தான் பார்க்கிறது. ஒரே குறிப்பு எண் இரண்டு முறை வந்தால் அது தடுக்கப்படும். போன் தானாகவே மறுமுயற்சி செய்யும்போது பழைய எண்ணையே அனுப்பினால் பணம் ஒருமுறைதான் போகும். நாம் வெளியே வந்து மறுபடி தொகை அடித்து அனுப்பினால் புது எண் பிறக்கிறது, அமைப்பின் கண்ணில் அது புத்தம்புது பரிமாற்றம். சில செயலிகள் ‘சற்றுமுன் இதே தொகை அனுப்பினீர்களே’ என்று எச்சரிக்கின்றன. நல்ல பழக்கம். ஆனால் சரி என்று அழுத்தினால் விட்டுவிடும்.

சேர்ந்துவிட்ட பணத்தைத் திரும்பப் பெற, வங்கி எதிர் வங்கியிடம் கோரிக்கைதான் வைக்க முடியும். எதிர் வங்கி பொதுவாகத் தன் வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்கும். தெரிந்தவராக இருந்தால் ஒரு போன் அழைப்பில் தீரும். கணக்கு எண் மாறி யாரோ ஒருவருக்குப் போயிருந்தால் அது தனிப் போராட்டம்.

அவசரமே என்றால் 9:22க்கு வேறு என்ன செய்திருக்கலாம்? முதல் 5,000 சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை, திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு நம்பிக்கையான ஆள் என்றால் மறுபடி அனுப்பலாம், அது தெரிந்து எடுக்கும் முடிவு. அந்நியர் என்றால் பெண்டிங் தீரும்வரை அனுப்பக் கூடாது.

ஃபெயில்டு ஒன்றல்ல, மூன்று

தோல்வி என்று வருவதில் முதல் வகை, நம் வங்கியின் வாசலிலேயே திருப்பப்பட்டது. இருப்பு போதவில்லை, நாள் வரம்பு தாண்டியது, ரகசிய எண் தவறு. ஸ்டேட்மெண்டில் ஒரு வரியும் இருக்காது. உடனே மறுபடி முயலலாம், எந்த ஆபத்தும் இல்லை.

இரண்டாவது வகை, பற்று எழுதிய பிறகு எதிர் வங்கி தெளிவாக ‘முடியாது’ என்று சொன்னது. இங்கே மௌனம் இல்லை, பதில் வந்திருக்கிறது, காரணத்தோடு. இப்போது பல நாடுகளின் பணமாற்ற அமைப்புகள் பயன்படுத்தும் ISO 20022 தரத்தில் இந்தக் காரணங்களுக்கு நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு. `AC01` என்றால் கணக்கு எண் தவறு, `AC04` என்றால் மூடிய கணக்கு, `AC06` என்றால் முடக்கப்பட்ட கணக்கு. செயலி பெரும்பாலும் இவற்றை விழுங்கிவிட்டு ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பொதுவாகச் சொல்லும். பரிமாற்ற விவரத்தைத் திறந்து பார்த்தால் சில வங்கிகள் குறியீட்டை அடியில் சிறிய எழுத்தில் வைத்திருக்கும். பார்ப்பது பலன் தரும். மூடிய கணக்குக்கு எத்தனை முறை முயன்றாலும் அதே பதில்தான். இந்த வகைத் தோல்வியில் ஸ்டேட்மெண்டில் பற்று ஒரு வரி, திரும்பிய வரவு ஒரு வரி என்று இரண்டு இருக்கும். இரண்டாவது வரி சில விநாடியிலும் வரலாம், சில மணி கழித்தும் வரலாம். ‘ஃபெயில்டு, ஆனால் பணம் போய்விட்டது’ என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் எழுவது.

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. தோல்வி என்று சொன்னது வங்கி இல்லை, போன். லிப்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போகிறது, செயலி வங்கியின் பதிலுக்குக் காத்திருந்து சலித்து ‘ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்’ என்று சொல்கிறது. கட்டளை ஏற்கெனவே வங்கியைச் சேர்ந்திருக்கலாம், பணம் போயே போயிருக்கலாம். ‘மீண்டும் முயலவும்’ என்ற அறிவுரையைப் போல இந்த இடத்தில் தவறான அறிவுரை வேறில்லை. செயலியை வடிவமைப்பவர்கள் ‘உங்கள் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வங்கி சொன்ன தோல்வியில் தேதி, நேரம், குறிப்பு எண் கொண்ட ஒரு பதிவு பரிமாற்ற வரலாற்றில் இருக்கும். போன் சொன்ன தோல்வியில் வெறும் செய்தி மட்டும் வந்து மறையும், வரலாற்றில் ஒன்றும் இருக்காது, அல்லது சில நிமிடம் கழித்து வேறு நிலையோடு முளைக்கும். செயலியை மூடி, நல்ல சிக்னலில் திறந்து, பரிமாற்ற நிலைப் பக்கத்தை விட்டுவிட்டு ஸ்டேட்மெண்டைத்தான் பார்க்க வேண்டும். நிலைப் பக்கம் தகவல் பலகை, ஸ்டேட்மெண்ட் கணக்கேடு. இரண்டும் முரண்பட்டால் கணக்கேட்டை நம்புங்கள்.

ரிவர்ஸ்டு என்றால் அழிந்தது இல்லை

ரிவர்ஸ்டு ஆன பரிமாற்றம் ஸ்டேட்மெண்டிலிருந்து காணாமல் போகும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடக்காது. கணக்கேட்டில் எழுதியதை வங்கி அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடும். பழைய பற்று அப்படியே இருக்கும், கீழே எங்கோ அதே தொகைக்கு வரவு ஒன்று வரும். நடுவில் வேறு பத்து வரிகள் வந்திருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். தொகையை வைத்துத் தேடாமல் குறிப்பு எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும், ரிவர்சல் மூல எண்ணையே சுமந்து வருவது வழக்கம்.

பணம் திரும்புவதிலும் வேறுபாடு உண்டு. ரிவர்சல் என்றால் பரிமாற்றம் முழுமை அடையாமல் அமைப்பே திருப்பியது, தொகை குறையாது. ரிட்டர்ன் என்றால் பரிமாற்றம் எதிர் வங்கிவரை போய், அவர்கள் ஏற்க முடியாமல் புதிதாக ஒரு பரிமாற்றமாகத் திருப்பி அனுப்பியது. ISO 20022இல் இதற்குத் தனிச் செய்தியே உண்டு, `pacs.004`. எல்லை தாண்டிய பணத்தில் இந்த வேறுபாடு கையைக் கடிக்கும். போன வழியிலும் வந்த வழியிலும் இடைவங்கிகள் கட்டணம் பிடித்திருக்கலாம், நாணயம் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கலாம், எனவே அனுப்பிய தொகையைவிடக் குறைவாகத் திரும்பலாம். ரீஃபண்டு என்பது முற்றிலும் வேறு. பணம் சரியாகப் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் தன் விருப்பத்தில் திருப்புவது. கடைக்காரர் ‘ரீஃபண்டு போட்டுவிட்டேன்’ என்று சொன்னதை வங்கியில் ரிவர்சல் என்று கேட்டால் ‘அப்படி எதுவும் இல்லை’ என்றுதான் பதில் வரும், இரண்டு பேரும் உண்மையே பேசியிருப்பார்கள்.

அரிதாக இன்னொன்று நடக்கும். நம் கணக்குக்கு ரிவர்சல் வந்துவிட்டது, ஆனால் எதிர்ப்பக்கம் வரவும் விழுந்திருந்தது என்று பிறகு தெரிகிறது. அப்போது வங்கி ஒரு திருத்தப் பதிவு போட்டு நம் கணக்கிலிருந்து மறுபடி எடுக்கும். ஒரு வாரம் கழித்து ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ என்ற பெயரில் பற்று வந்தால் திருட்டு என்று பதறுவதற்கு முன் பழைய குறிப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் திரும்பி வருவதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரிவர்சலுக்கு ரகசிய எண் கிடையாது, ஓ.டி.பி. கிடையாது, ஏற்றுக்கொள் என்று அழுத்த வேண்டியது எதுவும் கிடையாது. ‘உங்கள் பெண்டிங் பணத்தைத் திருப்ப ஒரு லிங்க் அனுப்புகிறோம்’ என்று யாராவது அழைத்தால், அவர் அனுப்புவது பணம் எடுக்கும் கோரிக்கையாகத்தான் இருக்கும்.

எப்போது புகார், என்ன எழுதுவது

காத்திருக்கும் காலம் அமைப்புக்கு அமைப்பு மாறும், அதை வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அந்த அமைப்பின் விதியில் பார்ப்பது நல்லது. யு.பி.ஐ.யைப் பொறுத்தவரை இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கிலிருந்து போய் எதிர்முனையில் வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே. கடைக்குச் செலுத்திய பணம் என்றால் ஐந்து நாள் அவகாசம். மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட கெடு பெரும்பாலும் பணமாற்ற அமைப்பை நடத்துபவரின் விதிகளில் இருக்கும்.

கெடு தாண்டியதும் புகாரில் ‘பணம் போயிற்று, வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் சேவை மையம் திரையில் நாம் பார்த்த அதே நிலையைப் படித்துக்காட்டிவிட்டு முடித்துவிடும். குறிப்பு எண், அனுப்பிய நேரம், பரிமாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த இருப்பு, இந்த மூன்றையும் எழுதுங்கள். பிறகு கேள்வியைக் கூர்மையாக வையுங்கள்: வரவுப் பாதியின் நிலை என்ன, எதிர் வங்கி உறுதி செய்திருக்கிறதா, எந்தத் தேதியில்? எல்லை தாண்டிய பணம் என்றால் `UETR` என்ற 36 எழுத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2018 நவம்பரிலிருந்து, உலக வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் வலை வழியாகப் போகும் பணமாற்றச் செய்திகள் அதைச் சுமந்துதான் போகின்றன, அதை வைத்து எந்த இடைவங்கியில் நிற்கிறது என்று வங்கியால் பார்க்க முடியும்.

‘வரவாகிவிட்டது’ என்று எழுத்தில் பதில் வந்து, வாங்குபவர் இன்னும் ‘வரவில்லை’ என்றே சொன்னால், அடுத்த நடவடிக்கை அவர் கையில். தன் வங்கியிடம் அந்தத் தேதிக்கான ஸ்டேட்மெண்டை எடுத்து, நாம் கொடுத்த குறிப்பு எண்ணை அதில் தேடச் சொல்லுங்கள். எண் அங்கே இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால், எண் இல்லாத அந்த ஸ்டேட்மெண்டையும் ‘வரவாகிவிட்டது’ என்ற பதிலையும் சேர்த்து நம் வங்கிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு ஆவணமும் ஒன்றையொன்று மறுக்கும்போது, 24 மணி நேரம் பொறுங்கள் என்று இன்னொரு முறை சொல்லிவிட முடியாது.